மடிப்பில் மறைந்த சொல்

போன வாரம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு மேல் அக்கா மகள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். தலவாக்கலைக்கு மேலே உள்ள தோட்டத்தில் அவர்கள் வீடு. மழை பெய்தால் அங்கே கரண்ட் இருக்காது. டோர்ச் வெளிச்சத்தில் எடுத்த படம் அது. பயிற்சி வினாத்தாள் புத்தகத்தின் ஒரு பக்கம், நடு மடிப்புப் பக்கமாக வளைந்து போய், அந்த வளைவில் வரிகளின் கடைசிச் சொற்கள் நிழலுக்குள் விழுந்திருந்தன. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "மாமா, இது சரியான்னு பாருங்க." அடுத்த படம் அவள் செய்த விடை.

நான் கண்டியில் உயர்தர வணிகப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் புள்ளிவிபரவியல் சொல்லிக் கொடுக்கிறேன். இப்படிப் படங்கள் வருவது புதிதல்ல. ஆனால் இந்தப் படத்தில் மறைந்த சொல் எதுவோ, அதில்தான் முழுக் கணக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படத்தில் வாசிக்க முடிந்தது இவ்வளவு. தேயிலைப் பொதி ஒவ்வொன்றின் மேலும் 400 கிராம் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. பொதிகளின் நிறை, நியம விலகல் 6 கிராம் கொண்ட செவ்வன் பரம்பலைப் பின்பற்றுகிறது. பொதி செய்யும் இயந்திரத்துக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர் எழுமாறாக 36 பொதிகளை எடுத்து நிறுக்கிறார். அவற்றின் இடை, அதாவது சராசரி, 398.2 கிராம். பிறகு வரும் வரி இது: "பொதிகளின் இடை நிறை 400". அதற்கு மேல் நிழல். அடுத்த வரி "தா" என்று தொடங்குகிறது. "தா என்பதை p-பெறுமானத்தைப் பயன்படுத்தி 5% பொருண்மை மட்டத்தில் சோதிக்க."

குறைவானதா? வேறுபடுகின்றதா? இரண்டுமே "தா" என்றுதான் முடிகின்றன.

அவள் விடை இரண்டு கருதுகோள்களோடு தொடங்கியது. μ என்பது எல்லாப் பொதிகளின் உண்மையான இடை. H₀ வித்தியாசம் இல்லை என்கிறது, H₁ நாம் சோதிக்கிற சந்தேகத்தைச் சொல்கிறது:

```
H₀: μ = 400
H₁: μ < 400
```

போன் எடுத்தேன். "கடைசிச் சொல்லு எனக்குத் தெரியலையே, ஒனக்குப் புத்தகத்துல தெரியுதா?"

"புத்தகம் என் கூட்டாளிகிட்ட இருக்கு மாமா. போட்டோ அவதான் அனுப்பினா. ஆனா மாதிரி இடை 398.2 தானே, 400ஐ விடக் கொறைவு. அதனால H₁ கொறைவுன்னு போட்டுட்டேன்."

இருபது வருசமாக நான் பார்க்கும் தவறு இதுதான். பிள்ளைகள் கருதுகோளை வினாவிலிருந்து எடுக்காமல் மாதிரியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பல வினாக்களில் இப்படிச் செய்தாலும் விடை தற்செயலாகச் சரியாக வந்துவிடும். அதனால் தவறு தவறாகவே தெரிவதில்லை. வருசக்கணக்கில் கூடவே வளர்ந்து, ஒரு நாள் வினாத்தாள் எழுதியவர் வேண்டுமென்றே வைத்த இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அது சின்னக் கணக்கு. ஒரு பொதியின் நிறை 6 கிராம் அளவுக்கு அங்கும் இங்கும் அசைகிறது. 36 பொதிகளின் இடை அவ்வளவு அசையாது. 6ஐ √36 ஆல், அதாவது 6ஆல் பிரித்தால் 1 கிராம். இதுதான் நியம வழு. மாதிரி இடை 400இலிருந்து எத்தனை நியம வழுத் தூரம் விலகி நிற்கிறது என்பதே சோதனைப் புள்ளிவிபரம்.

```
z = (398.2 − 400) / (6/√36) = −1.8 / 1 = −1.8
```

இது வரைக்கும் H₁ எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். பிரிவது p-பெறுமானத்தில், அதாவது H₀ உண்மையானால் H₁ பக்கம் இவ்வளவு தூரமோ அதற்கு மேலோ விலகிய மாதிரி கிடைக்கும் வாய்ப்பில். அவள் பாவிக்கும் அட்டவணை 0 இலிருந்து z வரையான பரப்பைத் தருவது. 1.80க்கு எதிரே 0.4641 இருக்கிறது. சில பிள்ளைகள் அதையே p என்று எழுதிவிடுவார்கள். அது நடுப்பகுதி. நமக்கு வேண்டியது அதற்கு அப்பால் ஓரத்தில் மிஞ்சும் வால், 0.5 − 0.4641 = 0.0359. இதை அவள் சரியாகவே செய்திருந்தாள்.

"குறைவானதா" என்று கேட்டிருந்தால் p = 0.0359. அது 0.05ஐ விடச் சிறியது. H₀ நிராகரிக்கப்படும். "வேறுபடுகின்றதா" என்று கேட்டிருந்தால் இரண்டு வால்களையும் சேர்க்க வேண்டும். அட்டவணையிலிருந்து எடுத்த 0.0359ஐ இரட்டித்தால் 0.0718. அது 0.05ஐ விடப் பெரியது. H₀ஐ நிராகரிக்க முடியாது. அதே 36 பொதிகள், அதே 398.2, அதே 5%. மடிப்பில் மறைந்த ஒரு சொல்லால் முடிவு தலைகீழாகிறது.

"அப்ப எது சரி மாமா?"

"சொல்லு தெரியாம சொல்ல முடியாது. ஆனா மாதிரியப் பார்த்து நீ முடிவு பண்ணுனது எந்தச் சொல்லா இருந்தாலும் பிழை."

அவளுக்கு அது நியாயமாகப் படவில்லை. குறைவு என்று கண்ணுக்கு முன்னால் தெரியும்போது குறைவு என்று எழுதினால் என்ன? நல்ல கேள்வி. நான் இப்படிச் சொன்னேன். இயந்திரம் உண்மையில் சரியாக 400இல்தான் அமைந்திருக்கிறது என்று வை. நாளுக்கு ஒரு மாதிரி எடுக்கிறோம். பாதி நாளில் இடை 400க்குக் கீழே விழும், பாதி நாளில் மேலே. கீழே விழுந்த நாளில் நீ "குறைவு" என்று சோதிப்பாய், z, 5% வாலின் எல்லையான −1.645ஐத் தாண்டிக் கீழே போனால் நிராகரிப்பாய். மேலே போன நாளில் "கூடுதல்" என்று சோதிப்பாய், 1.645ஐத் தாண்டினால் நிராகரிப்பாய். கீழ் வாலில் 5%, மேல் வாலில் 5%. சேர்த்துப் பார்த்தால் ஒரு குறையுமில்லாத இயந்திரத்தை நூறு நாளில் பத்து நாள் பழுது என்று சொல்லியிருப்பாய். விடைத்தாளில் 5% என்று எழுதிவிட்டு 10% தவறுக்கு இடம் கொடுத்திருக்கிறாய். திசையைத் தரவு வருவதற்கு முன்னால் சொன்னால்தான் அந்த 5%க்குப் பொருள் உண்டு.

இதைப் பரிசோதிக்க ஒரு வழியும் சொன்னேன். இதே வினாவில் "குறைவானதா" என்று தெளிவாகக் கேட்டு, மாதிரி இடை 401.8 என்று கொடுத்திருந்தால் என்ன செய்வாய்? z = +1.8. H₁ இன்னும் μ < 400தான். p என்பது z 1.8க்கு இடப்பக்கம் உள்ள முழுப் பரப்பு, 0.5 + 0.4641 = 0.9641. இந்த மாதிரி வினா வந்தால் வகுப்பில் பாதிப் பேர் 0.0359 என்று எழுதி நிராகரித்துவிடுவார்கள். p ஒன்றுக்குக் கிட்ட வந்தால் பயப்பட வேண்டியதில்லை. மாதிரி H₁ சொல்லும் திசைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது என்று அர்த்தம். ஒரு வால் சோதனையில் மாதிரி எதிர்ப்பக்கம் இருந்தும் p அரையை விடச் சிறியதாக வந்தால், எங்கோ பிழை விட்டிருக்கிறாய்.

போன் லவுட் ஸ்பீக்கரில் இருந்திருக்க வேண்டும். அக்காவின் குரல் கேட்டது. அடுப்படியிலிருந்து பேசினாள்.

"தம்பி, பக்கற்றுல கொறைஞ்சா வாங்குறவனுக்கு நட்டம். கூடுனா யாருக்கு நட்டம்?"

நான் ஒரு நிமிசம் பேசவில்லை. அக்கா எட்டாம் வகுப்போடு கொழுந்துக்குப் போனவள். புத்தகம் மூன்று பக்கத்தில் சொல்வதை ஒரு வரியில் கேட்டுவிட்டாள். கூடினால் நட்டம் தொழிற்சாலைக்கு. வாங்குபவர் சார்பில் ஒரு பரிசோதகர் வந்து கேட்டால், அவருக்குக் கூடுதலைப் பற்றிக் கவலையில்லை, அவர் கேள்வி "குறைவானதா". இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இரண்டு பக்கமும் தொல்லை. குறைந்தால் முறைப்பாடு வரும், கூடினால் தேயிலை வீணாகும். அவர் கேள்வி "வேறுபடுகின்றதா". திசை மாதிரியிலிருந்து வருவதில்லை, கேட்கிறவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதிலிருந்து வருகிறது.

அப்போதுதான் மறுபடி படத்தைப் பார்த்தேன். வாசிக்க முடிந்த பகுதியிலேயே "இயந்திரத்துக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர்" என்று இருந்தது. அது "வேறுபடுகின்றதா" பக்கம் சாய்கிற குறிப்பு. ஆனாலும் குறிப்புத்தான், சொல் அல்ல. காலையில் புத்தகத்தை விரித்து, நான்கு மூலையும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பச் சொன்னேன்.

இன்னொன்றையும் அதே ராத்திரி திருத்த வேண்டியிருந்தது. அவளுடைய விடையின் கடைசி வரி: "H₀ உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு 3.59% மட்டுமே, ஆகவே நிராகரிக்கப்படும்." இது பிள்ளைகளின் தவறு மட்டுமல்ல, பெரியவர்களின் கட்டுரைகளிலும் பார்த்திருக்கிறேன். p சொல்வது வேறு. H₀ உண்மை என்று முதலிலேயே எடுத்துக்கொள்கிறோம். அப்படிப்பட்ட உலகத்தில் இந்த மாதிரியோ, இதை விட H₁ பக்கம் தூரமான மாதிரியோ கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? அதுதான் p. H₀ உண்மை என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்ட ஒரு எண், H₀ உண்மையா என்பதற்கான நிகழ்தகவாக இருக்க முடியாது.

இதை விளங்க வைக்க எனக்குப் பிடித்த உதாரணம் தேத்தண்ணீர்தான். அட்டவணையே வேண்டாம், விரல் விட்டு எண்ணலாம். இங்கிலாந்தில் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்ட் பிஷர் வேலை செய்தபோது, கூட இருந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற விஞ்ஞானி, கோப்பையில் முதலில் பால் ஊற்றியதா தேநீர் ஊற்றியதா என்று குடித்துப் பார்த்தே தன்னால் சொல்ல முடியும் என்றாராம். அதை மனதில் வைத்து பிஷர் 1935இல் ஒரு சோதனையை விவரித்தார். எட்டுக் கோப்பை. நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். கலைத்து வைத்துக் கொடுத்து, பால் முதலில் ஊற்றிய நான்கையும் பிரித்தெடுக்கச் சொல்ல வேண்டும். எட்டில் நான்கைத் தெரிவு செய்ய 70 வழி உண்டு. ஒன்றும் தெரியாமல் குத்துமதிப்பாக எடுக்கிறவருக்கு நான்கும் சரியாக அமைவது அந்த 70இல் ஒன்று. அப்படியானால் p = 1/70, ஏறக்குறைய 0.014.

"மூணு சரி, ஒண்ணு பிழைன்னா?" என்று கேட்டாள்.

மூன்று சரியாக வரும் வழிகள் 16. ஆனால் p-இல் அதை விடத் தூரமானதையும் சேர்க்க வேண்டும், நான்கும் சரியான அந்த ஒன்றையும். 17/70, ஏறக்குறைய 0.24. தெரியாதவரே நாலு தடவையில் ஒரு தடவை அவ்வளவு சரியாகச் சொல்லிவிடுவார். மூன்று சரி என்றால் கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது, சான்றாக அது ஒன்றுமில்லை. "இதை விடத் தூரமானது" என்ற சொல்லை அவள் அந்த 17இல்தான் பிடித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். பிறகு கேட்காமலே தன் கடைசி வரியை வெட்டினாள்.

காலை ஆறரைக்குப் படம் வந்தது. பக்கம் முழுக்கத் தெரிந்தது. "400 கிராமிலிருந்து வேறுபடுகின்றதா."

அவள் திருத்தி எழுதிய விடையை அப்படியே இங்கே தருகிறேன். நான் ஒரு சொல்லைத்தான் மாற்றினேன்.

```
H₀: μ = 400
H₁: μ ≠ 400
z = −1.8
p = 2 × 0.0359 = 0.0718
0.0718 > 0.05
```

அதன் கீழே: "5% பொருண்மை மட்டத்தில் H₀ஐ நிராகரிக்க முடியாது. பொதிகளின் இடை நிறை 400 கிராமிலிருந்து வேறுபடுகிறது என்று சொல்ல இந்த மாதிரியில் போதிய சான்று இல்லை." முதலில் அவள் "H₀ ஏற்கப்படும்" என்று எழுதியிருந்தாள். அதைத்தான் மாற்றச் சொன்னேன். சில வினாத்தாள்களில் "ஏற்கப்படும்" என்று எழுதினாலும் புள்ளி தருவார்கள். ஆனால் இந்த மாதிரி 400 என்று நிரூபிக்கவில்லை. இரண்டு வாலிலும் சேர்த்து 5% விடும் எல்லை 1.96 நியம வழு. 398.2இலிருந்து இரண்டு பக்கமும் அந்த 1.96 கிராம் எடுத்தால் 396.24 முதல் 400.16 வரை வருகிறது. 400 அதற்குள் விளிம்பில் நிற்கிறது. 397உம் அதே இடைவெளிக்குள் இருக்கிறது. 397 என்று சொன்னாலும் இந்த 36 பொதிகள் மறுக்காது. அப்படியிருக்க 400ஐ "ஏற்கிறேன்" என்று எப்படிச் சொல்வது? மேற்பார்வையாளர் இடத்தில் நான் இருந்தால் இயந்திரத்தில் கை வைக்க மாட்டேன், நாளைக்கு இன்னும் நிறையப் பொதி எடுத்து நிறுப்பேன்.

கதை இங்கே முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் எடுத்தாள். பேச்சு எடுத்த எடுப்பிலேயே தராசுக்குப் போனது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசு குறைத்துக் காட்டுகிறது என்று பெண்களிடையே ரொம்ப நாளாகவே பேச்சு உண்டு. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறது தனி, அதைப் பற்றி இல்லை. முள் காட்டுகிறதே குறைவு என்பதுதான் சந்தேகம். கடையில் பயணப் பெட்டி நிறுக்கிற சின்னக் கைத்தராசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். "இவ படிக்கிற கணக்குல இதுக்கு வழி இருக்கா தம்பி?"

வழி இருக்கிறது. ஒவ்வொரு நாளும் மடுவத்துக்குப் போகும் முன் சாக்கைக் கைத்தராசில் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். பிறகு மடுவத்துத் தராசு கழிவுக்கு முன் காட்டும் நிறையை எழுத வேண்டும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் அன்றைய வித்தியாசம். சாக்கு ஒரு நாள் பாரம், ஒரு நாள் இலேசு. அது பாதிக்காது, ஒரே சாக்கை இரண்டு தராசிலும் நிறுப்பதால் அந்த ஏற்ற இறக்கம் கழிந்துபோகும். பன்னிரண்டு நாள் எடுத்தால் பன்னிரண்டு வித்தியாசம். இங்கே நியம விலகல் யாரும் முன்கூட்டித் தரவில்லை, அந்தப் பன்னிரண்டிலிருந்தே கணிக்க வேண்டும். அதனால் z அல்ல, t. சுயாதீனப் படி பன்னிரண்டில் ஒன்று குறைய 11. t அட்டவணை p-பெறுமானத்தைச் சரியாகச் சொல்லாது, எல்லையைத்தான் காட்டும். ஒரு வாலில் 0.05க்கு நேரே 1.796. t அந்த −1.796ஐ விடக் கீழே போனால் p 0.05ஐ விடச் சிறியது என்று சொல்லலாம், அவ்வளவு போதும்.

ஆனால் ஒன்றை அக்காவிடம் அழுத்திச் சொன்னேன். இந்தச் சோதனை இரண்டு தராசும் ஒத்துப்போகவில்லை என்றுதான் சொல்லும். எது பிழை என்று சொல்லாது. குறை கைத்தராசிலேயே இருக்கலாம். அதனால் முதலில் நிறை ஏறக்குறையத் தெரிந்த ஒன்றை, கடையில் திறக்காத ஐந்து கிலோ அரிசிப் பையை, கைத்தராசில் பல தடவை தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். சாக்கு பத்துப் பதினைந்து கிலோ வரும் என்றால் இரண்டு மூன்று பையைச் சேர்த்துத் தொங்கவிட்டு அந்தப் பாரத்திலும் பார்க்க வேண்டும். ஐந்து கிலோவில் சரியாகக் காட்டுவது பதினைந்தில் சரியாகக் காட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அன்று ராத்திரி மருமகள் ஒரு படம் அனுப்பினாள். ஒற்றை ரூல் கொப்பியின் ஒரு புதுப் பக்கம், மேசை மேல் விரித்து, நான்கு மூலையும் தெரிய எடுத்தது. மேலே நாளைக்கு நிறுக்கத் தொடங்கும் திகதி. பன்னிரண்டு வரிக்கு வெறும் கட்டம். கட்டங்களுக்கு மேலே, ஒரு எண்ணும் இன்னும் எழுதப்படாத அந்தப் பக்கத்தில்:

```
d = மடுவத் தராசு − கைத்தராசு
H₀: μ_d = 0
H₁: μ_d < 0
```

பக்கத்தில் பேனையால் சின்னதாக எழுதியிருந்தாள்: "அம்மா கேட்டது கொறைவான்னு."